ரத்த ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி? பள்ளத்தூர் ஆச்சியின் தாளை வைத்துப் பார்ப்போம்

காரைக்குடியில் ஒரு சின்ன லேபில் பதினாறு வருடமாக ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊசி குத்தும்போது யாரும் அதிகம் பேசுவதில்லை. ரிப்போர்ட் கைக்குப் போன அரை மணி நேரத்தில்தான் போன் வரும். "தம்பி, இதுல ஒரு இடத்துல சிவப்பா L-னு போட்டிருக்கே, என்னன்னு சொல்லுங்க" என்பார்கள். என்ன நோய், என்ன மருந்து என்று சொல்வது டாக்டர் வேலை, அதில் நான் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் தாளில் இருக்கும் எண்ணையும் அதன் பக்கத்தில் இருக்கும் வரம்பையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்று சொல்லிக்கொடுக்கலாம். அதைத்தான் இங்கே செய்யப்போகிறேன், ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர், வயது 58. மகன் சிங்கப்பூரில். அவன் அங்கிருந்தபடியே போனில் ஒரு முழு உடல் பரிசோதனைக்குப் பணம் கட்டிவிட்டான். வெளியூர் நிறுவனம் ஒன்றின் பையன் காலையில் வீட்டுக்கே வந்து முகப்பில் உட்காரவைத்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் வாட்ஸப்பில் பதினாலு பக்க ரிப்போர்ட் வந்தது. அதில் ஆறு இடத்தில் சிவப்பு. பிளேட்லெட் 88,000 என்று பார்த்ததும் மகனுக்குக் கை கால் ஓடவில்லை. "டெங்குவா இருக்கும், உடனே அட்மிட் ஆகு" என்று அங்கிருந்து சத்தம். ஆச்சி நிதானமாக டவுன் பஸ் ஏறி என்னிடம் வந்து, "காச்சலே இல்லையப்பா எனக்கு, முட்டி வலி மட்டும்தான்" என்றார்கள். கையில் அந்தப் பதினாலு பக்கமும், ஒரு மஞ்சள் பையில் பழைய ரிப்போர்ட்டுகளும் இருந்தன. அந்த மஞ்சள் பைதான் அன்றைக்கு உதவியது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

(ஆச்சியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆள் யாரென்று தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன், எண்களில் கை வைக்கவில்லை.)

முதலில் தாளின் தலைப்பகுதி

எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மேலே இருக்கும் நாலு வரியைப் படியுங்கள். பெயர், வயது, ஆணா பெண்ணா, ரத்தம் எடுத்த நேரம். இது சம்பிரதாயம் இல்லை, பக்கத்தில் அச்சாகும் வரம்பே இதைப் பொறுத்துத்தான் வருகிறது. ஹீமோகுளோபினுக்குப் பெரும்பாலான லேபுகளில் ஆணுக்கு 13 முதல் 17 வரை, பெண்ணுக்கு 12 முதல் 15 வரை என்பதுபோல் இருக்கும். முன்மேசையில் அவசரத்தில் பெண்ணை ஆண் என்று தட்டிவிட்டால் 12.4 இருக்கும் ஒரு அம்மாவுக்குக் குறைவு என்று L விழும். ஒன்றுமில்லாததற்கு டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் லேபிலேயே இது நடந்திருக்கிறது.

அடுத்து அலகு. பிளேட்லெட் எண்ணிக்கையை ஒரு லேப் 2,40,000 என்று அடிக்கும், இன்னொன்று 2.4 லட்சம் என்று அடிக்கும், இன்னொன்று 240 என்று அடித்துப் பக்கத்தில் `10^3/µL` என்று போடும், அதாவது 240 ஆயிரம். மூன்றும் ஒன்றுதான். 240-ஐப் பார்த்துவிட்டு "இருநூத்தி நாப்பதுதான் இருக்காம்" என்று ஓடிவந்தவர்கள் உண்டு. எண்ணை மட்டும் போனில் சொல்லாதீர்கள், அலகையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த வரம்பு எங்கிருந்து வருகிறது

ரிப்போர்ட்டின் கடைசிக் கட்டத்தில் இருப்பதை ரெஃபரன்ஸ் ரேஞ்ச் என்பார்கள். நம் ஆட்கள் நார்மல் என்று சொல்லிவிடுகிறார்கள், அந்தச் சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

அது உருவாகும் விதம் இதுதான். நோய் எதுவும் இல்லாத, மருந்து எதுவும் சாப்பிடாத ஆட்களைக் குறைந்தது 120 பேரைத் தேடிப் பிடித்து ரத்தம் எடுக்கவேண்டும். கொப்புடையம்மன் கோயில் வாசலில் 120 பேரை வரிசையாக நிறுத்தினதாக வைத்துக்கொள்ளுங்களேன், ஹீமோகுளோபின் குறைவானவர் இந்தக் கோடியில், அதிகமானவர் அந்தக் கோடியில். இந்தக் கோடியில் மூன்று பேரையும் அந்தக் கோடியில் மூன்று பேரையும் விலக்கிவிட்டு, மீதி நிற்கும் 114 பேரின் முதல் எண்ணும் கடைசி எண்ணும்தான் வரம்பு. நூற்றுக்கு 95 பேர் உள்ளே, 5 பேர் வெளியே. அந்த விலக்கப்பட்ட ஆறு பேர் யார்? அவர்களும் நல்ல ஆரோக்கியமான ஆட்கள்தான். அதாவது ஒரு பரிசோதனைக்கு இருபதில் ஒரு ஆரோக்கியமான ஆளுக்குச் சிவப்பெழுத்து விழும்படியாகவே இந்த வரம்பு போடப்பட்டிருக்கிறது.

இப்போது கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளை ஒரு ஆரோக்கியமான ஆளுக்குச் செய்தால், ஒன்றாவது வரம்புக்கு வெளியே விழுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 64. ஆச்சியின் முழு உடல் பரிசோதனையில் எழுபதுக்கு மேல் வரிகள் இருந்தன (அதில் பாதி, ஒரு எண்ணை இன்னொரு எண்ணால் வகுத்து வந்த விகிதங்கள், அதையும் ஒரு பரிசோதனை என்று கணக்குக் காட்டிவிடுகிறார்கள், அது வேறு கதை). எழுபது வரியில் சிவப்பே இல்லாமல் வந்தால்தான் ஆச்சரியம்.

ஆச்சியின் ஆறு சிவப்பில் இரண்டு இந்த வகை. யூரியா 15-லிருந்து தொடங்கவேண்டிய இடத்தில் 14. வெள்ளையணுக்களில் மோனோசைட் என்ற வகை நூற்றுக்கு 2 இருக்கவேண்டிய இடத்தில் 1.8. கிட்னி பழுதானால் யூரியா ஏறும், இறங்காது. கறி, பருப்பு கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது கீழே நிற்பது சாதாரணம். இரண்டையும் டாக்டர் ஒரு பார்வையில் தாண்டிவிட்டார். எந்த அளவு வெளியே போயிருக்கிறது, எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதுதான் கேள்வி. வேலிக்கு ஒரு அடி வெளியே மேய்கிற மாட்டையும் தேவகோட்டை வரைக்கும் ஓடிப்போன மாட்டையும் ஒன்றாக எண்ண முடியுமா? ஆனால் தாளில் இரண்டுக்கும் அதே சிவப்பு, அதே எழுத்து.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 120 பேரை நிறுத்தி வரம்பு போடும் வேலையைச் சின்ன லேபுகள் செய்வதில்லை. மெஷினோடும் மருந்தோடும் வருகிற புத்தகத்தில் இருக்கும் வரம்பை எடுத்து அச்சிட்டுவிடுகிறோம். அதனால் ஒரு லேபில் 12 என்றும் அடுத்த தெருவில் 11.5 என்றும் இருக்கும். ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் வரம்போடு வைத்துப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

பிளேட்லெட் 88,000: பயமுறுத்திய எண்

வரம்பு 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை. ஆச்சிக்கு 88,000. இது வேலிக்கு ஒரு அடி வெளியே இல்லை, நல்ல தூரம். ஆனாலும் எனக்குச் சந்தேகம் வந்தது. காய்ச்சல் இல்லை, பல் ஈறில் ரத்தம் இல்லை, கை காலில் சிவப்புப் புள்ளி இல்லை. மஞ்சள் பையைக் கொட்டினால் போன வருடம் 2.4 லட்சம், அதற்கு முந்தின வருடம் 2.3 லட்சம். ஆளைப் பார்த்தால் ஒன்றுமில்லை, எண் மட்டும் பாதாளத்தில் கிடக்கிறது என்றால் முதலில் குழாயைச் சந்தேகப்படவேண்டும்.

பிளேட்லெட் என்பது ரத்தம் உறைய முதலில் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும் சின்னத் துணுக்கு. ஒட்டுவதுதான் அதன் தொழில். ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க இ.டி.டி.ஏ. என்ற மருந்து இருக்கும். ரத்தம் எடுத்ததும் குழாயை எட்டுப் பத்துத் தடவை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கவேண்டும். அப்படிக் கலக்காமல் பையில் போட்டுவிட்டால் உள்ளே சின்னக் கட்டி விழுந்து, பிளேட்லெட் அதில் மாட்டிக்கொள்ளும். சரியாகக் கலக்கினாலும் ஆயிரத்தில் ஒருவர் அளவுக்குச் சில பேருக்கு ஒரு வினோதம் உண்டு: அந்த இ.டி.டி.ஏ. பட்டதுமே பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று கொத்தாக ஒட்டிக்கொள்ளும், நேரம் போகப் போக இன்னும் அதிகமாக. உடம்புக்குள் அப்படி எதுவும் நடக்காது, குழாய்க்குள் மட்டும்தான். மெஷின் உருவ அளவை வைத்து எண்ணுவதால் பத்துப் பிளேட்லெட் சேர்ந்த கொத்தைப் பிளேட்லெட் என்றே எடுத்துக்கொள்ளாது. எண்ணிக்கை சரிந்துவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கொத்துக் கொத்தாகத் தெரியும், இதைத்தான் ஸ்மியர் என்பார்கள். ஆச்சிக்குப் புதிதாக ரத்தம் எடுத்தேன், ஊதா மூடிக் குழாயில் ஒன்று, சோடியம் சிட்ரேட் இருக்கும் வெளிர்நீல மூடிக் குழாயில் ஒன்று. ஊதாவில் கொத்து, நன்றாகவே தெரிந்தது. வெளிர்நீலத்தில் 2.1 லட்சம். அந்தக் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு மருந்துத் தண்ணீர் இருப்பதால் 1.1-ஆல் பெருக்கவேண்டும், ஆக 2.31 லட்சம். போன வருடத்து எண் திரும்பி வந்துவிட்டது. போன வருடங்களில் ஏன் கொத்து விழவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அப்போது எங்கள் லேபிலேயே எடுத்துப் பத்து நிமிடத்தில் மெஷினில் வைத்தோம், இந்தத் தடவை பள்ளத்தூரில் எடுத்த குழாய் எங்கெங்கோ சுற்றிச் சாயங்காலம்தான் மெஷினுக்குப் போயிருக்கிறது.

அதனால் நீங்கள் செய்யவேண்டியது: உடம்பில் எந்த அறிகுறியும் இல்லாமல் பிளேட்லெட் திடீரென்று குறைந்து வந்தால், ரிப்போர்ட்டின் அடியில் கொத்து பற்றிய குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் "ஸ்மியர் பார்த்தீர்களா, சிட்ரேட்டில் ஒருமுறை போட்டுப் பார்க்க முடியுமா" என்று லேபில் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற லேபுக்கு மறுபடி போகாதீர்கள். அப்புறம் அந்த வினோதம் உங்களுக்கு இருப்பது உறுதியானால் அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு ஆபரேஷனுக்குப் போகும்போது யாரோ பார்த்துப் பதறி, தேவையில்லாமல் பிளேட்லெட் ஏற்றிவிடக் கூடாது.

காய்ச்சல் இருக்கும்போது கதை வேறு. டெங்குவில் காய்ச்சல் வந்த மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை பிளேட்லெட் உண்மையிலேயே இறங்கும், அதை ஒரே எண்ணாகப் பார்க்காமல் தினமும் பார்ப்பார்கள். கூடவே பி.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்கள் நூற்றுக்கு எவ்வளவு இடம் அடைத்திருக்கின்றன என்பதுதான் அது. பிளேட்லெட் இறங்க இறங்க பி.சி.வி. ஏறினால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று அர்த்தம். டெங்குவில் டாக்டர் கவலைப்படுவது முக்கியமாக அதற்குத்தான். வீட்டில் எல்லோரும் பிளேட்லெட்டை மட்டும் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஹீமோகுளோபின் 10.4: யாரும் கண்டுகொள்ளாத எண்

சிங்கப்பூர் மகன் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆச்சியும் "அது எப்பவும் இருக்கிறதுதானே, பொம்பளைகளுக்கு ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்" என்றார்கள். இந்த ரிப்போர்ட்டில் உண்மையான விஷயம் இங்கேதான் ஒளிந்திருந்தது.

ஹீமோகுளோபின் என்பது சிவப்பணுவுக்குள் இருக்கிற, இரும்பைச் சுமக்கிற புரதம். நுரையீரலிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு உடம்பெங்கும் கொடுப்பது அதுதான். 100 மில்லி ரத்தத்தில் அது எத்தனை கிராம் என்பதே அந்த எண். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே, ஆணுக்கு 13-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது.

மஞ்சள் பையிலிருந்த இரண்டு ரிப்போர்ட்டையும் இப்போதைய தாளையும் மேசையில் வரிசையாக வைத்தேன். இரண்டு வருடம் முன்பு 13.2. போன வருடம் 12.1. இப்போது 10.4. போன வருடத் தாளில் 12.1-க்குப் பக்கத்தில் எந்தச் சிவப்பும் இல்லை, ஏனென்றால் அது 12-க்கு மேலே, வரம்புக்குள்ளே இருக்கிறது. ஆனால் ஒரு கிராமுக்கு மேல் சரிந்து வந்த 12.1 அது. வரம்பு என்பது ஊருக்குப் போட்ட வேலி, உங்கள் உடம்புக்கென்று தனியாக ஒரு சின்ன வேலி உண்டு. ஆச்சியின் உடம்பு 13-ஐச் சுற்றி நிற்கிற உடம்பு. 12.1-லேயே ஏதோ நடக்க ஆரம்பித்துவிட்டது. கம்ப்யூட்டர் அதைச் சொல்லாது, அது பழைய தாளைத் திறந்து பார்ப்பதில்லை.

அதற்காக ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் அர்த்தம் தேடவேண்டாம். ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் எடுத்தாலும் ஹீமோகுளோபின் அரைக் கிராம் இப்படி அப்படிப் போகும். படுத்த நிலையில் எடுத்தால் கொஞ்சம் குறையும், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் கொஞ்சம் ஏறும், கையில் ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்திருந்தாலும் ஏறும். 12.6 போய் 12.3 வந்தால் எதுவும் நடக்கவில்லை. ஒரே திசையில் இரண்டு மூன்று தடவை, ஒரு கிராமுக்கு மேல் என்றால் கேளுங்கள்.

எண் குறைவு என்று தெரிந்ததும் அடுத்து எட்டிப் பார்க்கவேண்டிய வரி எம்.சி.வி. சிவப்பணு சராசரியாக எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லும். 80 முதல் 100 வரை வழக்கமான அளவு. இரும்புச் சத்து போதாதபோது அணுக்கள் சின்னதாகப் பிறக்கும், எம்.சி.வி. 80-க்குக் கீழே போகும். பி12 அல்லது ஃபோலிக் அமிலம் போதாதபோது பெரிதாகும், 100-ஐத் தாண்டும். ஆச்சிக்கு 73. அதுவும் சிவப்பில் இருந்தது, ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு சிவப்பு, சேர்த்துப் பார்த்தால் ஒரே செய்தி. (பிறவியிலேயே அணு சின்னதாக இருக்கிற தலசீமியா சாயல் உள்ளவர்களும் உண்டு. அவர்களுக்கு எம்.சி.வி. சின்ன வயதிலிருந்தே குறைவாக இருக்கும். ஆச்சிக்குப் பழைய தாளில் 88 இருந்ததால் அந்தப் பேச்சே இல்லை.)

நான் டாக்டரிடம் அனுப்பினேன். அவர் ஃபெரிட்டின் போடச் சொன்னார், உடம்பில் சேமிப்பில் இருக்கிற இரும்பின் அளவு அது. 8 வந்தது. பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனாலே கஜானா காலி என்று எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி, "மாதவிலக்கு நின்று எத்தனை வருஷமாச்சு?" எட்டு வருடம். இரண்டாவது கேள்வி, "முட்டி வலிக்கு என்ன சாப்பிடுறீங்க?"

மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் ஆணுக்கும் இரும்பு குறைந்தால், சாப்பாட்டைக் குறை சொல்வதற்கு முன் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பது டாக்டர்களின் வழக்கம். ஒவ்வொரு மில்லி ரத்தத்தோடும் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போய்விடும், தினம் சில மில்லி கண்ணுக்குத் தெரியாமல் கசிந்தாலே ஒரு வருடத்தில் கஜானா துடைத்ததுபோல் ஆகிவிடும். ஆச்சி ஒன்றரை வருடமாக மருந்துக் கடையில் சொல்லி வாங்கின வலி மாத்திரையைத் தினமும், பல நாள் வெறும் வயிற்றில், சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். மதுரையில் எண்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பையில் புண். பெருங்குடலையும் பார்த்தார்கள், அங்கே ஒன்றுமில்லை. வலி மாத்திரை நின்றது, புண்ணுக்கு மருந்து, இரும்பு மாத்திரை. நாலு வாரத்தில் 11.7, மூன்று மாதத்தில் 12.9.

12.9 வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டார்கள். டாக்டர் இன்னும் மூன்று மாதம் என்றார். ஹீமோகுளோபின் சரியானால் கடன் அடைந்தது என்றுதான் அர்த்தம், சேமிப்பு இன்னும் சேரவில்லை. மாத்திரையை விழுங்கிய கையோடு காபி, டீ குடித்தால் இரும்பு சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கவேண்டும். மலம் கறுப்பாகப் போவது இரும்பு மாத்திரையால் சகஜம். மாத்திரை சாப்பிடாதபோது தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் அது சகஜம் இல்லை, அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். மாதுளையைப் பற்றியும் கேட்பார்கள். அதன் நிறம்தான் ரத்தம், இரும்பு அதில் ரொம்பக் குறைவு. ஆட்டு ஈரல் சாப்பிடுகிறவர்களுக்கு அது எவ்வளவோ மேல்.

கொலஸ்ட்ரால்: இது வேறு மாதிரி வரம்பு

ஆச்சிக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 218, நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்.டி.எல். 48, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைட் 160, கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். 138. ஆறாவது சிவப்பு மொத்தக் கொலஸ்ட்ராலுக்கு, 200-க்குள் இருக்கவேண்டும் என்று போட்டிருந்தது.

இங்கே 120 பேரை நிறுத்தும் கதை செல்லாது. ஊரில் நிற்கும் 120 பேரை அளந்து நூற்றுக்கு 95 பேருக்கு இருக்கிற அளவை வரம்பு என்று போட்டால், 240, 250 கூட உள்ளே வந்துவிடும், ஏனென்றால் நிறையப் பேருக்கு அப்படித்தான் இருக்கிறது. நிறையப் பேருக்கு இருப்பது நல்லது என்று ஆகாதே. அதனால் எவ்வளவுக்கு மேல் போனால் மாரடைப்பு கூடுகிறது என்று பல வருடம் ஆட்களைத் தொடர்ந்து பார்த்து, அதை வைத்து ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். அதுதான் 200. ஹீமோகுளோபின் பக்கத்தில் இருக்கும் வரம்பு "ஆரோக்கியமானவர்களுக்கு இவ்வளவு இருக்கிறது" என்கிறது, கொலஸ்ட்ரால் பக்கத்தில் இருப்பது "இவ்வளவுக்குள் இருப்பது நல்லது" என்கிறது. தாளில் இரண்டும் ஒரே கட்டத்தில் ஒரே மாதிரி அச்சாகியிருக்கும்.

அந்தக் கோடும் ஆளுக்கு ஆள் மாறும். எல்.டி.எல். 100-க்குள் என்று பல லேபுகளில் அச்சிடுவார்கள். சர்க்கரை, பிரஷர், புகை எதுவும் இல்லாத ஒருவருக்கு 125 இருந்தால் அதிகம் என்று H விழும், டாக்டர் சாப்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிடலாம். ஏற்கெனவே மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு 96 இருந்தால் தாளில் சிவப்பே இருக்காது, ஆனால் டாக்டர் 70-க்குள், சில சமயம் 55-க்குள் கொண்டுவரப் பார்ப்பார். "ரிப்போர்ட் நார்மல்னு வந்துருச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று அப்படிப்பட்டவர்கள் சொல்லும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். மாத்திரை வேலை செய்வதால்தான் அந்த எண் அங்கே நிற்கிறது.

எல்.டி.எல். பல லேபுகளில் நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எடுப்பது. நீங்களே போட்டுப் பார்க்கலாம்:

```
LDL = Total Cholesterol - HDL - (Triglycerides / 5)
218 - 48 - (160 / 5) = 138
```

இதில் ட்ரைகிளிசரைட் எகிறினால் எல்.டி.எல். கணக்கும் கெடும், 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தையே பயன்படுத்தக் கூடாது. ட்ரைகிளிசரைட் சாப்பாட்டால் ஏறுகிற சாமான். முந்தின நாள் ராத்திரி கல்யாண வீட்டில் கறி விருந்தும் சீயமும் கந்தரப்பமுமாக வெளுத்துக் கட்டிவிட்டுக் காலையில் வந்து கை நீட்டுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. இப்போது கொலஸ்ட்ராலுக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்று பல டாக்டர்கள் சொல்கிறார்கள், அது சரிதான். ஆனால் ட்ரைகிளிசரைட் அதிகமாக வந்தால் ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அதேபோல் பெரிய காய்ச்சல், ஆபரேஷன் முடிந்த கையோடு எடுத்தால் கொலஸ்ட்ரால் பொய்யாகக் குறைந்து காட்டும். சில வாரம் கழித்து எடுங்கள்.

சிங்கப்பூர் மகன் இதிலும் ஒரு குழப்பம் செய்தான். "எனக்கு 4.9 தான், அம்மாவுக்கு 218 எப்படி?" அங்கே `mmol/L` என்ற அலகு, இங்கே `mg/dL`. கொலஸ்ட்ராலுக்கு 38.67-ஆல் பெருக்கவேண்டும், 4.9 என்பது 189. ட்ரைகிளிசரைடுக்கு அந்தப் பெருக்கல் வேறு, 88.6. வெளிநாட்டுப் பிள்ளைகளோடு ரிப்போர்ட் பரிமாறும் வீடுகள் செட்டிநாட்டில் அதிகம், இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சியின் 138-க்கு டாக்டர் மாத்திரை எழுதவில்லை. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார்.

ஒரு பேரேடு போடுங்கள்

ஆச்சியின் மாமனார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்தவராம், வீட்டில் இன்னும் பழைய பேரேடுகள் இருக்கின்றன. "அப்ப இதுக்கும் ஒரு பேரேடு போட்டுற வேண்டியதுதான்" என்று அவர்களே சொன்னார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று, ஒரு தேதிக்கு ஒரு வரி. தேதி, எந்த லேப், ஹீமோகுளோபின், எம்.சி.வி., பிளேட்லெட், எல்.டி.எல். கடைசிக் கட்டத்தில் அன்றைக்கு இருந்த நிலைமை: காய்ச்சல், புது மாத்திரை, வெறும் வயிறா இல்லையா. முடிந்தவரை ஒரே லேபில், ஒரே நேரத்தில் எடுங்கள், அப்போதுதான் வரிக்கு வரி ஒப்பிட முடியும். டாக்டரிடம் பதினாலு பக்கத்தை நீட்டுவதைவிட இந்த ஒரு பக்கத்தை நீட்டினால் அவர் உடனே படிப்பார். நீங்கள் சாப்பிடுகிற எல்லா மாத்திரையும், கடையில் சொல்லி வாங்கினது, நாட்டு மருந்து உட்பட, அட்டையோடு கொண்டுபோங்கள். ஆச்சியின் விஷயத்தில் விடை அந்த மாத்திரை அட்டையில்தான் இருந்தது.

நோட்டுப் புத்தகத்துக்கெல்லாம் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. பிளேட்லெட் 20,000-க்குக் கீழே வந்தாலோ, எண் எதுவாக இருந்தாலும் ஈறு, மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தோலில் கிளம்பினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே போய் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றாலும் அப்படியே. டெங்குக் காய்ச்சல் விட்டபிறகு வயிற்று வலியும் வாந்தியும் தொடர்ந்தால், காய்ச்சல் போய்விட்டதே என்று வீட்டில் படுத்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட எண் வந்தால் ரிப்போர்ட் அச்சாவதற்கு முன்பே லேபிலிருந்து போன் செய்வோம், அதனால் பதிவு செய்யும்போது சிங்கப்பூர் நம்பரைக் கொடுக்காமல் வீட்டில் எடுக்கிற நம்பரைக் கொடுங்கள்.